காஞ்சிபுரம் பட்டு நெசவுப் படம்: ரஃப் கட் இரண்டாம் பதிப்புக்கான திருத்தப் பட்டியல்

அன்புள்ள தொகுப்பாளர் தம்பிக்கு,

கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர், செயலாளர், வடிவமைப்புப் பொறுப்பாளர் ஆகிய மூவரும் நமது `KPM_RC_V2.mp4` பதிப்பைப் பார்த்துவிட்டுத் தனித்தனியாகக் கருத்து அனுப்பியிருக்கிறார்கள். அவற்றை ஒன்றாகத் தொகுத்து, ஒன்றுக்கொன்று முரண்பட்ட இடங்களில் தலைவரிடம் தொலைபேசியில் பேசி முடிவு கேட்டு, நீங்கள் டைம்லைனில் செய்ய வேண்டிய வேலையாக மாற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அவர்களுடைய மூலக் குறிப்புகளைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. இதில் இல்லாத எதையும் மூன்றாம் பதிப்பில் மாற்ற வேண்டாம்.

முதலில் நேரக் கணக்கு. அவர்கள் பார்த்த கோப்பின் தொடக்கத்தில் 8 வினாடித் தலைப்பு அட்டை இருந்தது. நமது டைம்லைனிலோ முதல் படச் சட்டம் `01:00:00:00` இல் தொடங்குகிறது. எனவே அவர்கள் சொன்ன ஒவ்வொரு நேரத்திலிருந்தும் 8 வினாடியைக் கழித்து, டைம்லைன் நேரமாகவே கொடுத்திருக்கிறேன். அவர்கள் சட்டக் கணக்குச் சொல்லாததால், வெட்டும் புள்ளியை இரண்டு மூன்று சட்டங்கள் முன்னும் பின்னும் நகர்த்தும் உரிமை உங்களுடையது. பட்டியல் படத்தின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் செல்கிறது. இந்த வரிசையிலேயே செய்தால், ஓரிடத்தில் வெட்டியதும் மீதமுள்ள குறிப்புகளின் நேரங்கள் இடம்பெயராமல் இருக்கும். சீக்வென்ஸை நகலெடுத்து `KPM_RC_V3` என்று பெயரிட்ட பிறகே தொடங்குங்கள்.

சங்கம் கேட்டிருக்கும் மொத்த நீளம் 8 நிமிடத்துக்குள். இப்போதைய நீளம் 9 நிமிடம் 12 வினாடி. கீழே உள்ள நான்கு வெட்டுகளில் 80 வினாடி குறையும், ஓரிடத்தில் 7 வினாடி கூடும். ஆக 7 நிமிடம் 59 வினாடியில் படம் நிற்க வேண்டும். எனவே வேறு எங்கும் காட்சியை நீட்டுவதற்கு இடமில்லை.

01:08:45 முதல் இறுதி வரை, நன்றி அட்டைகள். ஊர்ப்பெயர் ஓரிடத்தில் "காஞ்சிபுரம்" என்றும் மற்றோரிடத்தில் "காஞ்சீபுரம்" என்றும் இருக்கிறது. சங்கத்தின் கடிதத் தாளில் உள்ளபடி எல்லா இடங்களிலும் "காஞ்சிபுரம்" என்றே இருக்கட்டும். அட்டைகளின் நீளத்தை மாற்ற வேண்டாம்.

01:08:31 முதல் 01:08:45 வரை, நீக்குக (14 வினாடி). "முடிவு வந்த பிறகும் படம் முடியவில்லை" என்று செயலாளர் எழுதியிருப்பது சரிதான். சேலையை மடித்து வைக்கும் காட்சியிலேயே படம் முடிந்துவிடுகிறது. அதன்பின் வரும் மாலை நேரக் கோபுரம் அழகாக இருந்தாலும் புதிதாக எதையும் சொல்லவில்லை. மடிக்கும் காட்சியிலிருந்து நேராக நன்றி அட்டைக்குச் செல்லுங்கள், ஆனால் தறியின் ஒலியை அட்டையின் மேல் மெல்ல மறைய விடுங்கள்.

01:07:02 முதல் 01:07:24 வரை, நீக்குக (22 வினாடி). கடைவீதிக் காட்சியில் தனியார் கடையொன்றின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிகிறது. பலகையை மங்கலாக்கலாம் என்றார் வடிவமைப்புப் பொறுப்பாளர். ஆனால் மங்கலாக்கிய பலகை பார்வையாளரின் கண்ணை அங்கேதான் இழுக்கும். மேலும் அந்தப் பகுதி விற்பனையைப் பற்றிப் பேசுகிறது, நமது படமோ நெசவைப் பற்றியது. முழுவதுமாக எடுத்துவிடலாம் என்பதற்குத் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

01:06:42, கோர்வைப் பகுதி: குரலும் காட்சியும் மாற வேண்டும் (7 வினாடி கூடும்). இந்தக் குறிப்பு எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. தலைவர் "2:30 இல் கோர்வை தவறு" என்று எழுதியிருந்தார். அந்த நேரத்தில் நமது படத்தில் கோர்வையே கிடையாது. அவருடைய கைப்பேசித் திரை ஓடிய நேரத்துக்குப் பதிலாக மீதமுள்ள நேரத்தைக் காட்டியிருக்கிறது. 9:20 நீளமுள்ள கோப்பில் முடிவிலிருந்து 2:30 என்பது 6:50, அதாவது டைம்லைனில் இந்த இடம். தலைவரிடமும் கேட்டு உறுதிசெய்துவிட்டேன். அவருடைய பிற குறிப்புகளில் இந்தக் குழப்பம் இல்லை.

பட்டியலிலேயே மிக முக்கியமான திருத்தம் இதுதான், ஏனெனில் இங்கே நமது விவரிப்பே தவறாக இருக்கிறது. "தனியாக நெய்த கரையை உடலோடு தைத்து இணைக்கிறார்கள்" என்கிறது குரல். கோர்வையில் தைப்பது என்பதே கிடையாது. இரு பக்கக் கரைகளும் உடலும் ஒரே தறியில், ஒரே நேரத்தில், மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்யப்படுகின்றன. அதனால்தான் நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு நாடாவை ஓட்ட உதவியாளர் ஒருவர் தேவைப்படுகிறார். நெசவாளர் சங்கத்தின் படத்தில் இப்படியொரு பிழை வந்தால், முதலில் சிரிப்பவர்கள் நெசவாளர்களாகத்தான் இருப்பார்கள். பழைய வரியை நீக்கிவிட்டு, இந்த வரியைத் தற்காலிகமாக உங்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள்:

"உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால், மூன்று நாடாக்கள் மாறி மாறி ஓடுகின்றன, ஒவ்வோர் ஓட்டத்திலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன."

காட்சியில் இப்போது ஒரு கையும் ஒரு நாடாவும் மட்டுமே தெரிகின்றன. இரண்டாம் நாள் படப்பிடிப்பில் பக்கவாட்டிலிருந்து எடுத்த `KPM_D2_B_0147` துண்டில் நெசவாளரும் உதவியாளரும் சேர்ந்து தெரிகிறார்கள். அதை முதலில் வைத்து, நாடா கைமாறும் ஒரு முழுச் சுற்றை வெட்டாமல் ஓட விடுங்கள். பிறகு இப்போதுள்ள நெருக்கக் காட்சிக்கு வாருங்கள். நடுவில் வெட்டினால் மூன்று நாடா என்பது பார்வையாளருக்கு எண்ணத் தெரியாமல் போய்விடும்.

01:05:19 முதல் 01:05:30 வரை, இப்போது தொட வேண்டாம். பெண் நெசவாளர் கூலி போதவில்லை என்று சொல்லும் வரி இது. "நீக்கவும்" என்ற ஒரே சொல்லைச் செயலாளர் அனுப்பியிருக்கிறார். தலைவரோ இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா யோசித்து, நிதானமாகச் சொன்ன வார்த்தை அது; படத்தில் அவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் ஒரே வரியும் அதுதான். வியாழக்கிழமை சங்கத்தில் நேரில் பேசப்போகிறேன். அந்த அம்மாவின் விருப்பத்தையும் அன்றே கேட்டுவிடுவேன். அதுவரை வரி இருந்தபடியே இருக்கட்டும். அது இல்லாத மாற்று வடிவம் ஒன்றை மட்டும் `KPM_RC_V3_ALT` என்ற தனி சீக்வென்ஸில் தயாராக வையுங்கள். அதை ஏற்றுமதி செய்ய வேண்டாம். மேலே சொன்ன மொத்த நீளக் கணக்கில் இந்த 11 வினாடியைக் கழிக்கவில்லை.

01:03:57 முதல், பேட்டி ஒலி. "தறிச் சத்தத்தில் பெரியவர் பேசுவது கேட்கவில்லை" என்கிறார்கள். பேட்டியைத் தறிக்குப் பக்கத்திலேயே எடுத்ததால் சத்தத்தை முற்றிலும் பிரிக்க முடியாது. ஆயினும் இப்போது சட்டைக் காலர் மைக்கும் கேமரா மைக்கும் இரண்டுமே திறந்திருக்கின்றன. முதல் சேனலில் உள்ள காலர் மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாம் சேனலை மூடிவிட்டாலே பெரும்பகுதி சரியாகிவிடும். மீதியை ஒலிக்கலவையில் பார்த்துக்கொள்வோம். இந்த நிலையில் சத்தம் குறைக்கும் ஃபில்டர் எதையும் போடாதீர்கள், அவருடைய குரல் தகரம்போல் ஆகிவிடுகிறது.

01:02:36 முதல் 01:03:04 வரை, நீக்குக (28 வினாடி). "மந்தமாக இருக்கிறது, வேகமான இசை போடவும்" என்பது மூவருமே சொன்ன கருத்து. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தடவும் இந்தக் காட்சிகள் படத்திலேயே மிக நன்றாக எடுக்கப்பட்டவை. மந்தத்துக்குக் காரணம் காட்சியின் வேகம் அல்ல. நமது குரல் பாவு தோய்வதை விவரித்து முடித்த கையோடு, 01:03:10 இல் பெரியவர் அதையே தம் வாயால் மறுபடி விவரிக்கிறார். அவர் சொல்வதுதான் சுவையாக இருக்கிறது. ஆகவே விவரிப்புக் குரலை முழுவதும் எடுத்துவிடுங்கள். நீக்கும் 28 வினாடி போக, தெருவின் அகலக் காட்சி 4 வினாடியும், தூரிகையால் நூலை நீவும் காட்சி 6 வினாடியும் மட்டும், சுற்றுப்புற ஒலியோடு நிற்கட்டும். இசையை மாற்ற வேண்டாம், காட்சியின் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம்.

01:01:44, பெயர் அட்டை. "தலைவர்" என்பது திரையில் "தலவைர்" என்றும், "நெசவாளர்" என்பது "நசெவாளர்" என்றும் தெரிகிறது. தட்டச்சுப் பிழை அன்று. மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இயக்கப்படாததால் கொம்பும் ஐகாரக் குறியும் இடம் மாறி விழுகின்றன. அந்தத் தேர்வை மாற்றிவிட்டு, எல்லாப் பெயர் அட்டைகளையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

01:00:33, ஆண்டு. புவிசார் குறியீடு "2010 இல்" கிடைத்ததாகத் திரை எழுத்து சொல்கிறது. "2005-06" என்று மாற்றுக.

01:00:04 முதல் 01:00:20 வரை, நீக்குக (16 வினாடி). பேருந்து நிலையமும் சாலைப் பயணமும் வேண்டாம். படம் தறியில் தொடங்கட்டும். சங்கத்தின் முத்திரையையும் தொடக்கத்தில் கேட்கிறார்கள். தனி அட்டையாக வைத்தால் நீளம் கூடிவிடும் என்பதால், முதல் தறிக் காட்சியின் வலது மேல் மூலையில் 3 வினாடி தோன்றி மறையும்படி வையுங்கள்.

அவர்கள் கேட்டபடி நீங்கள் செய்ய வேண்டாதவை மூன்று. படம் வெளிறித் தெரிகிறது என்ற குறிப்புக்கு, ஏற்றுமதிக்கு முன் தற்காலிக லட் ஒன்றை மேலே போட்டால் போதும். நிறத்திருத்தம் இறுதி வெட்டு உறுதியான பிறகுதான். ஊரின் மேலிருந்து டிரோன் காட்சி வேண்டும் என்ற கோரிக்கை புதிய படப்பிடிப்பு ஆதலால், அதற்குத் தனிச் செலவு என்று எழுதிவிட்டேன். தற்காலிக இசை அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அதற்கு நம்மிடம் உரிமம் இல்லை. எனவே இந்தப் பதிப்பில் அதை இன்னும் தாழ்த்தி வைத்து, மூலையில் "தற்காலிக இசை" என்று எழுதுங்கள்.

மூன்றாம் பதிப்பு வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் என்னிடம் வர வேண்டும். 1080p, 25 சட்டம், H.264. இம்முறை தலைப்பு அட்டை வேண்டாம். டைம்லைன் நேரத்தையே படத்தின் கீழ் நடுவில் பதித்துவிடுங்கள், திரையில் தெரியும் அந்த எண்ணை மட்டுமே குறிப்பிடும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கோர்வைப் பகுதி முடிந்தவுடன், மற்றவற்றுக்குக் காத்திராமல், அந்த அரை நிமிடத்தை மட்டும் தனியாக எனக்கு அனுப்புங்கள். வடிவமைப்புப் பொறுப்பாளரிடம் வியாழக்கிழமையே காட்டி நாடா ஓட்டம் சரிதானா என்று கேட்டுவிடுகிறேன்.