லேப் ரிப்போர்ட் டீமுக்கு வரவேற்கிறோம்

அன்புள்ள ரம்யா, அஜ்மல், கீர்த்தனா, தமிழ்ச்செல்வன், ஜெனிஃபர்,

வணக்கம். கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்டுக்காக எங்கள் டீமைத் தேர்ந்தெடுத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. திங்கட்கிழமை நேரில் பேசுவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரி லேப்களில் நம் மென்பொருள் ஓடுகிறது. ரத்த மாதிரி எடுத்த நேரத்திலிருந்து ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போகும்வரை எல்லாம் நம் வழியாகத்தான். அதனால் இங்கே சின்ன பிழை என்று எதையும் ஒதுக்க மாட்டோம். ஓர் உதாரணம்: டேட்டாபேஸில் நேரம் UTC-யில் இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். வார்டில் அதிகாலை 4 மணிக்கு எடுத்த மாதிரி, டேட்டாபேஸில் முந்தைய நாள் இரவு 22:30 என்று பதிவாகும். அதை மாற்றாமல் தேதியை மட்டும் அச்சடித்தால், நேற்று மாலை எடுத்ததும் இன்று காலை எடுத்ததும் ஒரே தேதியில் நிற்கும். கிரியேட்டினின் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் டாக்டருக்கு எது முதலில் என்றே தெரியாது. அலகும் அப்படித்தான். சர்க்கரை 90 mg/dL என்பதும் 5 mmol/L என்பதும் ஒன்றே. அலகைக் காட்டாமல் வெறும் 5 என்று திரையில் வந்தால் பார்ப்பவர் பதறிவிடுவார். எண்ணைத் தொடும் எந்த வரியை எழுதினாலும் அதன் அந்தப் பக்கம் ஒரு நோயாளி இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். உங்களிடம் நான் முக்கியமாக எதிர்பார்ப்பது இந்தக் கவனத்தைத்தான். வேகம் தானாக வரும்.

இனி ஆட்கள். உங்கள் மென்டர் நஸ்ரீன். கோட் ரிவ்யூ அவருடையது. நிறைய கமென்ட் போடுவார், ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதுவார், அதைப் படித்தாலே பாதிப் படிப்பு. டெஸ்டிங் பார்க்கும் சுமதி அக்கா முன்பு லேப் டெக்னீஷியனாக இருந்தவர். பரிசோதனை பற்றிய சந்தேகத்துக்குக் கூகுளுக்கு முன் அவரிடம் போங்கள். சர்வர், டிப்ளாய்மென்ட் பிரபாகரன் பொறுப்பு. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் போன்களை கணேசன் அண்ணன் எடுக்கிறார். முதல் மாதத்தில் ஆளுக்கு ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நம் திரையை யார், எந்த அவசரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது அங்கேதான் புரியும். சார், மேடம் இங்கே வழக்கமில்லை. பெயர் சொல்லலாம், கூச்சமாக இருந்தால் அக்கா, அண்ணா போதும்.

main கிளைக்கு யாரும் நேரடியாகப் புஷ் செய்வதில்லை, நானும்கூட. தனிக் கிளை எடுத்து, சின்னச் சின்ன மாற்றமாக அனுப்புங்கள்:

```
git switch -c ramya/report-date
git push -u origin ramya/report-date
```

இணையத்தில் பார்த்து எடுத்த கோடு என்றால் தவறில்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று நஸ்ரீனிடம் விளக்க வேண்டும். அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். நம் டீம் சேனலில் பொதுவாகவே கேளுங்கள், மற்ற நால்வருக்கும் அதே சந்தேகம் இருக்கும்.

ஒரு விதியில் மட்டும் தளர்வு கிடையாது. உண்மையான நோயாளியின் பெயரோ ரிப்போர்ட்டோ உங்கள் போனுக்கோ, வாட்ஸ்அப்புக்கோ, கல்லூரி பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கோ போகவே கூடாது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு டெஸ்ட் டேட்டா இருக்கிறது. கல்லூரியில் ரிவ்யூவுக்குக் கொடுப்பதை மூன்று நாள் முன்பே எனக்கு அனுப்பிவிடுங்கள், பார்த்துத் தருகிறேன்.

நேரம் காலை 9:30 முதல் மாலை 6 வரை. இரவு வரை உட்கார்ந்திருப்பதை யாரும் இங்கே பாராட்ட மாட்டோம். லீவு வேண்டுமென்றால் எனக்கும் நஸ்ரீனுக்கும் ஒரு மெசேஜ். மாத உதவித்தொகை கடைசி வேலைநாளில் வங்கிக் கணக்கில் வரும். யாருடைய பேச்சோ நடத்தையோ உங்களுக்குச் சங்கடம் தந்தால் என்னிடம் சொல்லலாம். என்னைப் பற்றியதே என்றால் நேராக ஹெச்ஆரிடம் போங்கள். பாலியல் தொல்லை தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் பொருந்தும். உள்புகார்க் குழுவினரின் பெயர்களும் எண்களும் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கின்றன.

முதல் இரண்டு வாரத்தில் உங்கள் லேப்டாப்பில் மென்பொருள் ஓட வேண்டும், ஒரு சின்ன திருத்தமாவது main-இல் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் வாரம் தலைப்புகளைப் பிரிப்போம். தமிழில் பெயர் தேடும் வசதி ஒன்று காத்திருக்கிறது: 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால், கொடியரசி என்ற பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் தேடலில் சிக்காமல் போகிறது. விருப்பமுள்ளவர் முன்கூட்டியே சொல்லுங்கள்.

திங்கள் காலை 9:15-க்கு ரிசப்ஷனில் பிரபாகரன் காத்திருப்பார். ஆதார் நகல், கல்லூரிக் கடிதம், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்க நகல் கொண்டு வாருங்கள். அன்று மதியச் சாப்பாடு டீமோடு. சைவமா அசைவமா என்று ஞாயிறு மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மீனாட்சி
டீம் லீட்