லேப் டெக்னீஷியன் பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது குறித்து

தேதி: 16.06.2025
இடம்: சென்னிமலை

பெறுநர்: லேப் மேலாளர் அவர்கள், சாயப் பிரிவு, திருப்பூர்
நகல்: மனிதவளப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் சாயப் பிரிவில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பித்து, ஜூன் 6, வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு வந்திருந்தேன். வருகிற வியாழக்கிழமை, 19ஆம் தேதி, ஒரு நாள் லேபில் வேலை செய்து காட்ட வரச் சொல்லியிருந்தீர்கள். பெருந்துறையில் உள்ள ஒரு பிராசஸிங் நிறுவனம் எனக்கு வேலை தந்திருக்கிறது. சனிக்கிழமை அவர்களுடைய பணி ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதனால் உங்களிடம் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமைக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த நாளுக்காக ஒரு மெஷினை ஒதுக்கி வைப்பதாகச் சொன்னீர்கள். சீசன் நேரத்தில் லேபில் ஒரு மெஷின் சும்மா நின்றால் எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் திங்கள் காலையிலேயே எழுதுகிறேன். பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட உங்களுக்கு மூன்று நாளாவது கிடைக்கும்.

வேலை பிடிக்காமல் எடுத்த முடிவு இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரவில் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். பெருந்துறை என்றால் ஷிப்ட் முடிந்ததும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். திருப்பூர் என்றால் விடுதியில்தான் தங்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. அவர்களிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று நீங்கள் சொல்லிக் கொடுத்த ஒன்றுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மெரூன் ஷேடு ஒன்றைக் கொடுத்து லேப் டிப் போடச் சொன்னீர்கள். பகல் வெளிச்ச விளக்கில் வைத்துப் பார்த்தபோது என் துண்டு வாங்குபவரின் துண்டோடு ஒட்டிப்போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் நீங்கள் ஒன்றுமே பேசாமல் லைட் பாக்ஸில் கடை விளக்குக்கு மாற்றினீர்கள். என் துண்டு மட்டும் சிவந்துவிட்டது. கம்ப்யூட்டர் முதலில் காட்டுவது விலை குறைந்த ரெசிபி, அதையே நம்பிவிடக் கூடாது, மூன்று சாயத்தில் ஒன்றை மாற்றிப் பாருங்கள் என்றீர்கள். நீலத்தை மாற்றிப் போட்ட இரண்டாவது டிப் இரண்டு விளக்கிலும் நின்றது. நான்கு வருடமாக லேபில் இருக்கிறேன். நேர்காணலுக்கு வந்த ஆளை நாற்பது நிமிடம் பக்கத்தில் நிற்க வைத்து இப்படிச் சொல்லிக் கொடுத்தவரை இதுவரை பார்த்ததில்லை. போகிற இடத்திலும் எந்த ஷேடையும் இரண்டு விளக்கில் பார்க்காமல் ஓகே சொல்ல மாட்டேன்.

வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த ஆறு துணித் துண்டுகளும் என்னிடம்தான் இருக்கின்றன. அவை வாங்குபவரின் ஸ்டாண்டர்ட் என்பதால் யாருக்கும் காட்டவில்லை, படமும் எடுக்கவில்லை. நிறம் மங்காமல் இருக்கக் கருப்புக் கவரில் போட்டு, இன்று மதியம் பதிவுத் தபாலில் உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன்.

மனிதவளப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். நான் கொடுத்த டிப்ளமோ சான்றிதழ் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி பாஸ்புக் நகல் ஆகியவற்றைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்களுக்கு உதவுமானால் மட்டும். இப்போது என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி திருப்பூரிலேயே இருக்கிறார். ரியாக்டிவ் சாயத்தில் நல்ல கை, டர்க்காய்ஸ் ஷேடுகளைப் பொறுமையாகப் பிடிப்பார். அவரிடம் கேட்டேன், விருப்பம் இருக்கிறது என்றார். நீங்கள் சரி என்றால் அவரையே உங்களுக்கு எழுதச் சொல்கிறேன். எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு.

உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு இப்படிப் பின்வாங்குவதற்கு வருந்துகிறேன். கேட்டில் என்னை வரவேற்று லேப் வரை கூட்டிவந்த அக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பா. சுமதி
சென்னிமலை