அம்மா அப்பாவுக்கான பரிசுகள்: கல்யாண நாள், பிறந்தநாள் பதிவுகள்

அடுத்த மாதம் அம்மா அப்பா கல்யாண நாளா?

ஆல்பத்தை இன்றைக்கே வெளியே எடுங்கள். வெள்ளிவிழாவோ பொன்விழாவோ, எங்களிடம் அதிகம் வருவது பழைய கல்யாண போட்டோதான். ஓரம் கிழிந்திருக்கும், மஞ்சளடித்திருக்கும், சிலது ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அதைச் சரிசெய்து, பெரிதாக்கி, புது ஃப்ரேம் போட்டுத் தர 12 வேலை நாள் ஆகும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்க மட்டும் பார்க்காதீர்கள், முகமே கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கொண்டுவாருங்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்துகொள்கிறோம்.

போனில் எடுத்து அனுப்புவதானால் ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 8 × 10 இன்ச் பிரிண்ட் நல்ல தெளிவாக வர 2400 × 3000 பிக்சல் வேண்டும். முகம் பாதி அழிந்திருந்தால் அதே வயதில் எடுத்த இன்னொரு படமும் தேவை. இல்லாவிட்டால் நாங்கள் கற்பனையில் வரைந்த மூக்கைத்தான் அம்மா பார்க்க வேண்டியிருக்கும்!

ஒரு விஷயம்: மாதிரியைப் பார்த்து நீங்கள் ஓகே சொன்ன மறுநாளிலிருந்துதான் அந்த 12 நாள் தொடங்கும். அக்கா, தம்பி, மருமகள் எல்லாரும் பார்த்துக் கருத்துச் சொல்கிற வீடு என்றால் அதற்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

அப்பா இப்படித்தான் சொல்வார். அப்புறம் தினமும் அதையேதான் எடுத்துக்கொண்டு போவார். அதனால் அவர் பிறந்தநாளுக்கு ஷோகேஸில் வைக்கிற பொருளைவிட, பெயர் பொறித்த லெதர் பர்ஸோ பேனாவோ நல்லது என்பது எங்கள் கருத்து. 5 வேலை நாள் போதும். பேரப்பிள்ளை கையால் எழுதிய 'தாத்தா'வையும் அப்படியே பொறிக்கலாம். வெள்ளைத்தாளில் கறுப்புப் பேனாவால் எழுதி வாங்குங்கள், கோணல்மாணலாக இருந்தால் இன்னும் அழகு. லேசரில் பொறித்ததை அழிக்க முடியாது. இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

அம்மா பிறந்தநாளுக்கு நாலே நாள்தான் இருக்கிறதா?

போட்டோ மக், தலையணை இரண்டும் 2 வேலை நாளில் தயார். கடைக்கே வந்து வாங்கிக்கொள்வதுதான் பத்திரம். வெளியூருக்குக் கூரியர் என்றால் இன்னும் 2 முதல் 4 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பென்சில் ஸ்கெட்ச் இப்போது முடியாது. கையால் வரைவதற்கு 10 வேலை நாள் வேண்டும், கூடுதல் பணம் கொடுத்தாலும் அது குறையாது. ஸ்கெட்ச்தான் வேண்டும் என்றால் கல்யாண நாளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

ஆர்டருக்கு இந்தப் பதிவின் கீழுள்ள வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துங்கள். முகவரியோடு உங்கள் நம்பரைக் கொடுங்கள், அம்மா நம்பர் வேண்டாம். கூரியர் மெசேஜ் முதலில் அவருக்குப் போய்விட்டால் சர்ப்ரைஸ் அங்கேயே முடிந்தது.