வியர்க்கும் பானை

மாசி மாதத்து விடியற்காலையில் காருக்குறிச்சியில் பனி இன்னும் முழுமையாக விலகியிருக்காது. அந்த நேரத்திலேயே எங்கள் அப்பா பட்டறையின் கூரைக்கு அடியில் உட்கார்ந்து, நேற்று மாலை மிதித்துச் சாக்குப் போட்டு மூடி வைத்த மண்ணைத் திறந்து, ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார். சிறு கல் ஒன்று தட்டுப்பட்டாலும் அந்தக் குவியல் முழுவதையும் மறுபடி மிதிக்கச் சொல்லிவிடுவார். போன வைகாசியில் குளம் வற்றிக் கிடந்தபோது அள்ளி வந்து, மழைக்காலம் முழுவதும் ஓலைக் கொட்டகைக்குள் பத்திரப்படுத்திய மண் அது. தை பிறந்த பிறகுதான் அதை ஊறவைத்து, சலித்த மெல்லிய மணலை அளவு பார்த்துக் கலப்போம். மணல் குறைந்தால் பானை காயும்போதே விரிசல் விடும், கூடினால் தண்ணீர் நிற்காமல் ஒழுகும். அந்த அளவை அப்பா எந்தக் கரண்டியாலும் அளந்ததில்லை. மண்ணைப் பிசையும்போது உள்ளங்கையில் அது ஒட்டி விலகும் விதத்தைக் கொண்டே சொல்லிவிடுவார்.

இந்த ஆண்டு மாசி இரண்டாம் வாரத்தில், பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆச்சி, பேரனுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பேரனின் மடியில் ஒரு பழைய பானை இருந்தது. போன வருஷம் எங்களிடம் வாங்கிய பானைதான் அது என்பதை அதன் கழுத்தில் ஓடிய இரட்டை வரியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன்.

"வேளாரே, போன சித்திரையிலே இந்தப் பானைத் தண்ணியக் குடிச்சா பல்லு கூசும். இப்போ வெயில் ஆரம்பிக்கும் முன்னேயே வெதுவெதுன்னு இருக்கு. இதக் கழிச்சுட்டு புதுசு ஒண்ணு குடுங்க" என்றார்கள் ஆச்சி.

அப்பா புதுப் பானை எதையும் எடுக்கவில்லை. பழைய பானையை வாங்கி, விரலை மடக்கி வயிற்றுப் பகுதியில் தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. பிறகு அதை வெளிச்சத்தில் சாய்த்து உள்பக்கம் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளைப் படலம் ஒன்று அடிவரை இறங்கியிருந்தது.

"ஆச்சி, வீட்டுலே போர் தண்ணியா ஊத்துதீங்க?"

"ஆமா, அந்த உப்புத் தண்ணிதான்."

"அப்போ பானை கெடல. அதோட கண்ணுல உப்பு அடைச்சிட்டு."

மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியாகக் கசிந்து வெளிப்பக்கம் வந்து, காற்றுப் பட்டு ஆவியாகும்போது, பானையின் வெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் பானை வியர்க்க வியர்க்க உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. நெல்லைச் சீமையின் வறண்ட சித்திரைக் காற்று இதற்கு மிகவும் தோதானது. துளைகளை உப்பு அடைத்துவிட்டால் வியர்வை நின்றுவிடும், குளிர்ச்சியும் நின்றுவிடும். கடைகளில் பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் பானைகளிலும் இதே கதைதான் நடக்கிறது என்பதால், எங்கள் பானைகளுக்கு அப்பா காவிக் குழம்பைத் தவிர வேறெதையும் பூசுவதில்லை. அதையும் சூளையில் வைப்பதற்கு முன்பே பூசிவிடுகிறோம்.

ஆச்சியைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, அப்பா அந்தப் பானையில் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தார். பிறகு தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். சோப்பையோ பாத்திரம் துலக்கும் பொடியையோ அவர் தொடவிடவில்லை. மண் அந்த வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு குடிக்கிற தண்ணீரிலெல்லாம் அதுவே வரும்.

பானை காயும்வரை ஆச்சி அப்பாவின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரத்தில் சுற்றும் சக்கரத்தின் நடுவில் மண்ணை வைத்து, ஈரக் கையால் அணைத்து மேலே இழுத்தார் அப்பா. முதலில் வாய், பிறகு கழுத்து, பிறகு தோள் என்று பானை மேலிருந்துதான் உருவாகும். அடிப்பாகம் அப்போது திறந்தேதான் இருக்கும். நூலால் அறுத்து எடுத்து ஒரு நாள் நிழலில் உலர்த்திய பிறகு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைத் தாங்கு கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, சுவரை மெலிதாக்கிக்கொண்டே வந்து அடியை மூடுவார். நேற்று அறுத்த பானை ஒன்றை மடியில் வைத்து அவர் தட்டத் தொடங்கியபோது, பலகையின் சத்தம் முதலில் மொத்தையாகக் கேட்டது. சுவர் மெலிய மெலிய அந்தச் சத்தம் கூர்மையாகிக்கொண்டே வந்தது. சத்தம் ஒரே சீராகும்வரை அவர் கையை நிறுத்தவில்லை. ஒரு பானைக்கு இப்படி எத்தனை தட்டு விழுகிறது என்று பேரன் எண்ணத் தொடங்கி, முந்நூறுக்கு மேல் போனதும் விட்டுவிட்டான்.

மாலை நான்கு மணிக்குப் பழைய பானையில் குளத்தங்கரைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஈர மணல் பரப்பின் மேல் வைத்தோம். விளக்கேற்றும் நேரத்தில் அதன் அடிவயிற்றில் முதல் துளி அரும்பியது. ஆச்சி புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார்கள். பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கடையநல்லூரில் இருக்கும் மகளுக்கென்று புதிதாக ஒன்றையும் வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டார்கள்.

கோடைக்கான எங்கள் முதல் சூளை பிசான நெல் அறுவடையின் புது வைக்கோலைக் கொண்டு மூட்டப்பட்டு, நல்லபடியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. பானைகள் பட்டறை வாசலிலேயே விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன. 8 லிட்டர் பானை 220 ரூபாய், 12 லிட்டர் பானை 300 ரூபாய், குழாய் பொருத்திய 15 லிட்டர் பானை 480 ரூபாய். மூடியும், அடியில் வைக்கும் மண் பிரிமனையும் இந்த விலையிலேயே அடங்கும். வாங்கிய பானையை முதல் நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மறுநாளிலிருந்து குடிப்பதற்குப் பயன்படுத்துங்கள். காற்றோட்டமான ஜன்னலோரத்தில் வைத்தால் குளிர்ச்சி கூடும்.

முன்பதிவோ வீட்டுக்கு அனுப்பும் வசதியோ எங்களிடம் இல்லை. பானையை நீங்களே கையில் எடுத்து, விரலால் தட்டிச் சத்தம் கேட்டு வாங்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம், எங்களுடையதும் அதுவே. சத்தம் பிசிறினால் அதைத் தனியே வைத்துவிடுங்கள், நாங்களும் அதை விற்க மாட்டோம். எந்த ஆண்டு எங்களிடம் வாங்கிய பானையாக இருந்தாலும் குளிர்ச்சி குறைந்திருந்தால் கொண்டு வாருங்கள், கட்டணமில்லாமல் சுத்தம் செய்து தருகிறோம். அதற்கு ஒரு பகல் ஆகும் என்பதால் காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில் காருக்குறிச்சியில் இறங்கி, குளத்தங்கரைப் பானைப் பட்டறை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். திருநெல்வேலி – செங்கோட்டை ரயிலில் வருவோருக்குக் காருக்குறிச்சியிலேயே நிலையம் உண்டு. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருப்போம். இரண்டாம் சூளையைப் பங்குனி முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பிரிக்கிறோம். சூடு ஆறாத பானைகளைச் சாம்பலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்க்க விரும்புவோர் அன்று 5 மணிக்கே வந்துவிடலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.