வாடகை ஒப்பந்தம், 9-ஆம் பிரிவு: அதே பொருள், எளிய தமிழில்

சென்னை வேளச்சேரியில் உள்ள முதல் மாடி வீட்டுக்கான 11 மாத வாடகை ஒப்பந்தத்துடன் (01.06.2025 முதல் 30.04.2026 வரை) இணைக்கப்படும் விளக்கத் தாள் இது. மாத வாடகை ரூ.18,000. பராமரிப்புக் கட்டணம் ரூ.1,500. அட்வான்ஸ் ரூ.54,000. கையெழுத்தான பத்திரத்தில் உள்ள வாசகமே இருவரையும் கட்டுப்படுத்தும். இந்தத் தாளுக்கும் பத்திரத்துக்கும் எங்காவது முரண்பாடு தெரிந்தால் பத்திரத்தில் உள்ளதே செல்லும்.

பத்திரத்தில் உள்ளபடி

"9. மேற்படி ஷெடியூல் சொத்தை 2 லக்கமிட்டவர் 2025-ம் வருடம் நவம்பர் மாதம் 30-ம் தேதி முடிய காலி செய்யக்கூடாதென்றும், அதற்குப் பின் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன் காலி செய்ய உத்தேசிக்கும் பட்சத்தில் 1 லக்கமிட்டவருக்கு இரண்டு மாத கால எழுத்துமூல முன்னறிவிப்புக் கொடுத்தோ, முன்னறிவிப்பில் குறைவுபடும் காலத்துக்கு உண்டான வாடகையை ஈடாகக் கொடுத்தோ காலி செய்துகொள்ளலாமென்றும், எவ்விதத்தில் காலி செய்தபோதிலும் வெற்றுச் சுவாதீனம் ஒப்படைத்த தேதியிலிருந்து 30 தினங்களுக்குள், மேற்படி முன்பணம் ரூ.54,000-த்தில், அன்று வரை நிலுவையாகவுள்ள வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவைகளையும், சாதாரண உபயோகத்தால் ஏற்பட்ட தேய்மானம் நீங்கலாக 2 லக்கமிட்டவராலோ அவரைச் சார்ந்தவர்களாலோ ஏற்பட்ட சேதங்களைச் சரிசெய்ய உண்டான நியாயமான செலவையும், வர்ணம் பூசும் வகையில் ரூ.15,000-க்கு மேற்படாமல் உண்மையில் ஆகும் செலவையும் கழித்துக்கொண்டு மீதியை வட்டியில்லாமல் 1 லக்கமிட்டவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதென்றும், மேற்படி கழிவுகள் முன்பணத்துக்கு மேற்படும் பட்சத்தில் அதிகப்படும் தொகையை 2 லக்கமிட்டவர் மேற்படி 30 தினங்களுக்குள் செலுத்த வேண்டியதென்றும் இரு தரப்பினரும் சம்மதிக்கிறார்கள்."

எளிய தமிழில்

(1 லக்கமிட்டவர் இங்கே "உரிமையாளர்", 2 லக்கமிட்டவர் "வாடகைதாரர்".)

9.1 வாடகைதாரர் 30.11.2025 முடியும் வரை வீட்டைக் காலி செய்யக்கூடாது.

9.2 அதற்குப் பிறகு, ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே காலி செய்ய நினைத்தால் வாடகைதாரருக்கு இரண்டு வழிகள் உண்டு.
அ) இரண்டு மாதங்களுக்கு முன்பே உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுக் காலி செய்யலாம்.
ஆ) அந்த இரண்டு மாதத்தில் எத்தனை நாள் குறைகிறதோ அத்தனை நாளுக்கான வாடகையை உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம்.

9.3 எந்த விதத்தில் காலி செய்தாலும், ஆளும் சாமானும் இல்லாமல் வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைத்த தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், 9.4-இல் உள்ளவற்றைக் கழித்துக்கொண்டு, ரூ.54,000 அட்வான்ஸில் மீதியை உரிமையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு வட்டி கிடையாது.

9.4 கழித்துக்கொள்பவை:
அ) ஒப்படைத்த தேதி வரை பாக்கியுள்ள வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம்.
ஆ) வாடகைதாரரோ அவரைச் சார்ந்தவர்களோ ஏற்படுத்திய சேதத்தைச் சரிசெய்ய ஆகும் நியாயமான செலவு. வழக்கமான புழக்கத்தால் வந்த தேய்மானம் இதில் சேராது.
இ) பெயிண்ட் அடிக்க உண்மையில் ஆகும் செலவு. அது ரூ.15,000-ஐத் தாண்டக்கூடாது.

9.5 இந்தக் கழிவுகளின் கூட்டுத்தொகை அட்வான்ஸை விட அதிகமானால், அதிகமாகும் தொகையை வாடகைதாரர் அதே 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்.

எந்தச் சொல்லை ஏன் விட்டுவைத்தோம்

பெயிண்ட் விஷயத்தில்தான் அதிகம் சறுக்கும். "பெயிண்டுக்கு ரூ.15,000 பிடிக்கப்படும்" என்று எழுதினால் படிக்க எளிது, ஆனால் அது வேறு ஒப்பந்தம். பத்திரம் சொல்வது உச்சவரம்பு. பெயிண்டருக்கு ரூ.11,200 ஆனால் ரூ.11,200 மட்டுமே கழியும். ரூ.19,000 ஆனால் ரூ.15,000 கழியும், மீதி ரூ.4,000 உரிமையாளர் கைப்பணம். "உண்மையில்" என்ற ஒரு சொல்லை விட்டால் வாடகைதாரருக்கு நஷ்டம், "தாண்டக்கூடாது" என்பதை விட்டாலும் அவருக்கே நஷ்டம். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. இருவரும் எழுத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருப்பதால் இங்கே பத்திரத்தில் உள்ள ஏற்பாடு செல்லும். ஆகவே அந்த எழுத்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமே நாமும் போக வேண்டும்.

முன்னறிவிப்பை "இரு தரப்பும் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும்" என்று எழுதுவது பழக்க தோஷம். இந்தப் பிரிவு வாடகைதாரர் காலி செய்வதை மட்டுமே பேசுகிறது. உரிமையாளர் காலி செய்யச் சொல்வது இதில் இல்லை. அதனால் எளிய வடிவிலும் இல்லை.

9.1 தடுப்பது காலி செய்வதை. கடிதம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. நவம்பர் 30-க்கு முன்பே கடிதம் கொடுத்து டிசம்பரில் கிளம்ப வாடகைதாரருக்கு இடம் இருக்கிறது. "டிசம்பர் முதல்தான் நோட்டீஸ் கொடுக்கலாம்" என்று சுருக்கியிருந்தால் அவர் ஜனவரி கடைசி வரை மாட்டிக்கொள்வார். நவம்பர் 30-க்குள் காலி செய்துவிட்டால் என்ன தண்டம் என்று பிரிவு சொல்லவில்லை. நாமும் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதவில்லை.

9.2 ஆ-வில் "வாடகை" என்று மட்டுமே இருக்கிறது. அதனால் கணக்கு ரூ.18,000-இல் போட வேண்டும், பராமரிப்பையும் சேர்த்த ரூ.19,500-இல் அல்ல. அந்தத் தொகை 9.4-இன் பட்டியலிலும் இல்லை. "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்" என்று சேர்த்தால் இருவருக்கும் வசதியாகத் தோன்றும். ஆனால் "கொடுத்து" காலி செய்யலாம் என்றுதான் பத்திரம் சொல்கிறது.

பத்திரம் மௌனமாக இருக்கும் இடம்

ஒரு நாள் வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்று பிரிவு 9 சொல்லவில்லை. 10.01.2026 அன்று கடிதம் கொடுத்து 25.02.2026 அன்று ஒப்படைத்தால், மார்ச் 10 வரை 13 நாள் குறையும். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் நாளுக்கு ரூ.600, மொத்தம் ரூ.7,800. அந்தந்த மாத நாட்களால் வகுத்தால் பிப்ரவரியின் 3 நாளும் மார்ச்சின் 10 நாளும் சேர்ந்து ஏறத்தாழ ரூ.7,735. வித்தியாசம் ரூ.65தான். ஆனாலும் எதையும் நாமாகத் தேர்ந்தெடுத்து 9.2-க்குள் நுழைக்கவில்லை. இருவரும் பேசி, பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுவது நல்லது.

"நியாயமான செலவு" என்பதற்கும் அளவு கிடையாது. அதை "ரசீதுப்படி" என்று மாற்றவில்லை. ரசீது இருந்தும் நியாயமில்லாத செலவு உண்டு, ரசீது இல்லாத நியாயமான செலவும் உண்டு.

மின்கட்டணத்தில் நடைமுறைச் சிக்கல் ஒன்று. வீடுகளுக்கு மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறது. ஒப்படைக்கும் தேதி அந்த இரண்டு மாதத்தின் நடுவில் விழுந்தால், அன்று வரை ஆன யூனிட் எவ்வளவு என்று காட்டப் பில் இருக்காது. சாவி கை மாறும் அன்றே இருவரும் நின்று மீட்டரைப் போட்டோ எடுத்து, ரீடிங்கைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். 9.3-இல் 30 நாள் எண்ணத் தொடங்குவதற்கும் அதே தாள் சான்றாகும்.