டிசம்பர்ல உக்காரப்போற தம்பிக்கு, நம்ம கேட்டரிங் கடை ஆர்டர் மேசை விவரம்

தம்பி, 28ஆம் தேதி வெள்ளிக்கிழமையோட எனக்கு இங்க கடைசி நாள், நீ திங்கக்கிழமை வர்ற, நடுவுல ரெண்டு பேரும் உக்காந்து பேச ஒரு நாள்கூட கெடைக்கல. அதான் எழுதி வைக்கிறேன். ஆறு வருஷமா இந்த மேசைல இருந்தேன், நெறைய விஷயம் ஃபைல்ல இல்ல, என் தலைலதான் இருக்கு. ஒரே மூச்சுல படிக்காத, டீ வாங்கி வச்சுக்கிட்டு படி.

முதல்ல ஆர்டர் எடுக்குறது. போன் வரும், வாட்ஸ்அப் வரும், சில ஆண்ட்டிங்க நேரா கடைக்கே வந்து தாள்ல எழுதி குடுப்பாங்க. எது எப்படி வந்தாலும் உடனே ORDER 2025 ஷீட்ல ஏத்திடு, அப்புறம் ஏத்திக்கலாம்னு விட்டா போச்சு. அதவிட முக்கியம், அட்ரஸ் கேக்கும்போது ஆறு இலக்க போஸ்டல் கோட் கேக்காம போனை வைக்கவே வைக்காத.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா எனக்கு ஒரு தடவ நடந்துச்சு. நிச்சயதார்த்தம், 120 பேருக்கு சாப்பாடு. அந்த அக்கா "ஜூரோங், புளோக்கு இத்தன, கீழ வாய்ட் டெக்லதான்"னு சொன்னாங்க, நானும் ஜூரோங்னு எழுதி டிரைவர் அங்கிள்கிட்ட குடுத்துட்டேன். அங்கிள் ஜூரோங் வெஸ்ட் போயிட்டாரு, விசேஷம் நடக்குறது ஜூரோங் ஈஸ்ட்ல. அதே நம்பர் புளோக்கு அங்கயும் இருக்கு, கீழ யாருமே இல்ல. அவர் போன் பண்ணி "ஏம்மா, கல்யாண வீடுன்னே, ஒரு பூன மட்டும் உக்காந்திருக்கு"ன்னாரு. சாப்பாடு 40 நிமிஷம் லேட்டு, மாப்ள வீட்டுக்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க, தப்பு முழுக்க என்னுதுதான். அதுக்கப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன், எச்டிபி புளோக்குன்னா போஸ்டல் கோட்ல கடைசி மூணு எண்ணு பெரும்பாலும் புளோக்கு நம்பராவே இருக்கும். 302ன்னு சொல்லிட்டு கோட் 302ல முடியலன்னா இன்னொரு தடவ கேளு, தப்பில்ல, கோச்சுக்க மாட்டாங்க.

அப்படியே லாரி எங்க நிக்கும்னும் கேட்டுரு. மல்ட்டி ஸ்டோரி கார்பார்க் மட்டும்தான்னா நம்ம லாரி உயரத்துக்கு உள்ள போகாது, வாசல்ல போட்டிருக்குற உயரத்த அங்கிள் பாத்துட்டு வந்த வழியே திரும்பிடுவாரு. பக்கத்துல லோடிங் பே இருக்கான்னு கேட்டு ஷீட்ல எழுது.

ஆள் கணக்கு. "ஒரு எம்பது பேர் வருவாங்க"ன்னு சொன்னா எம்பது இல்லடா தம்பி, பிள்ளைங்கள சேக்காம சொல்வாங்க. பிள்ளைங்க எத்தன, சைவம் எத்தன, தனித்தனியா கேளு. இப்ப ஐயப்பன் மாலை போட்டவங்க சீசன், சைவ ஆர்டர் ஜாஸ்தியா வருது, கிச்சன்ல அண்ணன்கிட்ட தனி அகப்ப, தனி அண்டான்னு முன்கூட்டியே சொல்லிடு, சொல்லாம விட்டா அவர் கத்துவாரு, கத்துறதும் நியாயந்தான்.

ஸ்டிக்கர். எங்க தப்பு விட்டாலும் இதுல மட்டும் விடாத. வெளிய போற ஒவ்வொரு ஆர்டர்லயும் சமைச்சு முடிச்ச நேரமும் எத்தன மணிக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்ங்கறதும் ஒட்டணும், சமைச்சதுலருந்து 4 மணி நேரம். 9.45க்கு முடிச்சா 1.45. லாரி ஏறுற நேரம் இல்ல, அடுப்புலருந்து எறக்குன நேரம். அண்ணன் சில நாள் "போட்டுக்கம்மா, ஒரு பத்தரன்னு போடு"ம்பாரு, நீ போய் சாம்பார் அண்டாவ பாத்துட்டு உண்மையான நேரத்ததான் போடணும். ஸ்டிக்கர் ரோல் என் டிராயர்ல எடது பக்கம், பிரிண்டர் சூடாயிட்டா எழுத்து மங்கும், அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் விடு, தட்டாத.

காசு. வெலை சொல்லும்போது ஜிஎஸ்டி சேத்துதான் சொல்லணும், 9 வெள்ளின்னு சொல்லிட்டு பில்லுல 9.81 வந்தா சண்டைதான், முதல்லயே 9.81னு சொல்லு. பாதி பணம் பேநவ்ல வந்தா மட்டும் தேதி உறுதி. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, கோயில் கமிட்டி யாரா இருந்தாலும் இதான். "முதலாளிகிட்ட பேசிக்கிறேன்"னு யாராச்சும் சொன்னா "சரிங்க, அவர் சொல்லட்டும்"னு விட்டுரு, நீ எடையில வராத.

மாசக் கணக்கு சுருக்கமா. சம்பளம் மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள போயிடணும், பேஸ்லிப்போட. சிபிஎஃப் அடுத்த மாசம் 14க்குள்ள, ஆனா 10ஆம் தேதியே கட்டிடு, கடைசி நாள்ல உக்காந்தா ஏதாச்சும் ஒண்ணு மக்கர் பண்ணும். ஒர்க் பெர்மிட் லெவி 17ஆம் தேதி கைரோல எடுத்துக்குவாங்க, அன்னிக்கு பேங்க்ல காசு இருக்கான்னு 15ஆம் தேதியே பாத்து முதலாளிக்கு மெசேஜ் போடு. ஜிஎஸ்டி கணக்கு அக்டோபர் டிசம்பர் காலாண்டுக்கு ஜனவரி 31க்குள்ள, பில்லெல்லாம் மாசாமாசம் தனி ஃபோல்டர்ல இருக்கு. பழைய பில்ல இடம் அடைக்குதுன்னு தூக்கி போட்டுடாத, 5 வருஷம் வச்சிருக்கணும்.

என்னோட சிங்பாஸ வச்சு எதுவும் லாகின் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. கார்ப்பாஸ்ல உன் பேர சேக்கச் சொல்லி முதலாளிகிட்ட முதல் நாளே கேளு, அவர் "நாளைக்கு"ம்பாரு, மூணாவது நாளைக்கும் விடாம கேளு.

சாமான். காய்கறி பாசிர் பாஞ்சாங் மொத்த மார்க்கெட்லருந்து விடியக்காலை வரும், கருவேப்பில, முருங்கக்கா, வாழையில கம்மியானா மட்டும் டேக்கால ஓடி வாங்கு. முருங்கக்காய ரெண்டு கையாலயும் லேசா முறுக்கிப் பாரு, வளைஞ்சுக் குடுத்தா எளசு, மொடமொடன்னு நின்னா நாருதான். பிப்ரவரில சீனப் புத்தாண்டு வருது, சப்ளையர்ங்க கட பூட்டிருவாங்க, ஒரு வாரத்துக்கு முன்னாடியே வெங்காயம், உருளைக்கெழங்கு ஏத்தி வச்சிரு. அதுக்கு முன்ன தைப்பூசம், பெருமாள் கோயில்லருந்து டேங்க் ரோடு வரைக்கும் ரோடெல்லாம் மாறும், அன்னிக்கு அந்தப் பக்கம் டெலிவரி எடுக்காத, எடுத்தே ஆகணும்னா விடியறதுக்கு முன்ன.

ஆளுங்க. டிரைவர் அங்கிள் நல்ல மனுஷன், ஆனா மெசேஜ் படிக்க மாட்டாரு, போன் பண்ணித்தான் சொல்லணும், சொன்னதத் திருப்பிச் சொல்லச் சொல்லு. பாத்திரம் கழுவுற தம்பிக்கு பெர்மிட் மார்ச்ல முடியுது, ஜனவரிலயே முதலாளிக்கு ஞாபகப்படுத்து. புதுசா ஊர்லருந்து ஆள் எடுத்தா ஒரு ஆளுக்கு 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்ட் வேணும், அவசரத்துல அத மறந்துட்டு டிக்கெட் போட்டுடுவாங்க, நீ பாத்துக்க.

இப்ப பாதியில நிக்கிறது. டிசம்பர் 7 ஞாயித்துக்கிழமை கல்யாணம், 350 பேரு, மொத்தம் 3,433.50 வெள்ளி, பாதி வந்துடுச்சு, மீதி முந்தின நாளே வாங்கிடு. பாயசம் சேமியாவா பாசிப்பருப்பான்னு பொண்ணோட அம்மாவும் மாப்ளையோட அம்மாவும் இன்னும் முடிவு பண்ணல, ரெண்டு பேரும் தனித்தனியா போன் பண்றாங்க. நீ அந்த கல்யாண வீட்டு மாமாவுக்கு போன் பண்ணு, அவர் சொல்றத மட்டும் எழுது.

அப்புறம் பிடோக்ல போன சனிக்கிழமை போன ஆர்டர், பஃபே செட் ரெண்டு மூடி இன்னும் திரும்பி வரல. அந்த வீட்டு ஆண்ட்டி "தேடிப் பாக்குறேன்மா"ன்னு நாலு நாளா சொல்றாங்க. டெபாசிட் 60 வெள்ளி நம்மகிட்ட இருக்கு, மூடி வர்ற வரைக்கும் திருப்பிக் குடுக்காத.

ரெண்டு வாரத்துக்கு என் நம்பருக்குக் கூப்பிடலாம், சாயந்தரம் எட்டு மணிக்கு மேல, அதுக்கு முன்ன புது வேலைல இருப்பேன், எடுக்க முடியாது. கடைச் சாவி முதலாளிகிட்ட, ஃப்ரீசர் சாவி அரிசி டப்பா மேல ஆணில தொங்குது.