நீர்மட்டக் கருவி விளம்பரங்கள்: மார்ச் 16 மாலை 5 மணிக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும்

வணக்கம் மேடம்,

மார்ச் 26 கண்காட்சியில் நாம் சேர்ந்து அறிமுகப்படுத்தும் நீர்மட்டக் கருவிக்கான விளம்பரங்கள் தயாராகிவிட்டன. நான்கு பக்கச் சிற்றேடு, 60 விநாடி வீடியோ, பத்திரிகைச் செய்தி, சமூக ஊடகத்துக்கான ஆறு பதிவுகள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். சென்சார் உங்களுடையது, செயலி எங்களுடையது என்பதால் எல்லாவற்றிலும் உங்கள் நிறுவனத்தின் பெயரோ லோகோவோ வருகிறது. நீங்கள் பார்த்து, எழுத்தில் சம்மதம் சொல்லாமல் உங்கள் பெயரோடு எதையும் வெளியிட மாட்டோம்.

பதிலை மார்ச் 16, திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்ப வேண்டுகிறேன். ஒப்பந்தத்தில் நாம் ஒத்துக்கொண்ட ஐந்து வேலை நாள் அன்றோடு முடிகிறது. மறுநாள் காலை 10 மணிக்குச் சிற்றேட்டின் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். பிளேட் போட்டபின் ஒரு எழுத்தை மாற்றினாலும் புதிதாகப் பிளேட் போட வேண்டியிருக்கும், கண்காட்சிக்குள் பிரதிகள் கைக்கு வராது.

எல்லாப் பக்கங்களையும் ஒரே கவனத்தோடு படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். வடிவமைப்பு, வண்ணம், படங்களின் வரிசை பற்றி நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் பின்வரும் இடங்களை உங்கள் தொழில்நுட்பக் குழுவில் ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். வாங்குபவர் நம்பிப் பணம் கொடுக்கப்போவது இந்த வரிகளை வைத்துத்தான்.

முதலாவது, சிற்றேட்டின் இரண்டாம் பக்கத்தில் உள்ள "ஐந்து ஆண்டு பேட்டரி ஆயுள்" என்ற வரி. உங்கள் தொழில்நுட்பத் தாளில் இருந்துதான் எடுத்தோம். ஆனால் அந்தத் தாளின் அடிக்குறிப்பு, மணிக்கு ஒரு முறை அளவெடுத்தால் ஐந்து ஆண்டு என்கிறது. எங்கள் செயலியோ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அதாவது ஆறு மடங்கு. இரண்டையும் சேர்த்து வாங்குபவருக்கு ஐந்து ஆண்டு கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பத்து நிமிட இடைவெளிக்கு உங்களிடம் சோதனை முடிவு இருந்தால் அந்த எண்ணைத் தாருங்கள், அதையே போடுவோம். இல்லையென்றால் "மணிக்கு ஒரு முறை அளவெடுக்கும்போது" என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் அதே வரியில், அதே எழுத்தளவில் சேர்க்க நினைக்கிறேன்.

இரண்டாவது, மூன்றாம் பக்கத்தில் "தொட்டியைக் கழுவும்போதும் கழற்ற வேண்டாம்" என்று எங்கள் எழுத்தாளர் எழுதியிருக்கிறார். கருவிக்கு ஐபி67 தரச்சான்று இருப்பதால் தண்ணீருக்கு எல்லா வகையிலும் பாதுகாப்பு உண்டு என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த 7 என்ற எண் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் மூழ்கியிருப்பதைத்தான் குறிக்கிறது. குழாயிலிருந்து வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை அது குறிக்காது. அதற்கு இரண்டாம் இலக்கத்தில் 5 அல்லது 6 என்ற எண்ணுக்கும், பிரஷர் பம்பின் உயர் அழுத்தத்துக்கு 9 என்ற எண்ணுக்கும் தனியாகச் சோதித்திருக்க வேண்டும். தொட்டி கழுவுபவர்கள் பிரஷர் பம்புதான் பிடிப்பார்கள். அந்தச் சோதனையும் நடந்திருந்தால் சான்றின் நகலை அனுப்புங்கள். நடக்கவில்லை என்றால் இந்த வரியை நீக்கிவிட்டு, "கழுவும் முன் கழற்றி வைக்கவும்" என்று நேர்மாறாகவே எழுதுவோம். விற்பனைக் குழுவுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதில் இரண்டாவது யோசனை இல்லை.

மூன்றாவது, கடைசிப் பக்கத்தின் கீழே உள்ள ப்ளூடூத் சின்னம். அதன் உரிமையாளரான அமைப்பில் உறுப்பினராக இருந்து, பொருளையும் அவர்கள் முறைப்படி பதிவு செய்திருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். உங்கள் பதிவு இந்தப் புதிய மாடலையும் உள்ளடக்குகிறதா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

பத்திரிகைச் செய்தியில் உங்கள் நிர்வாக இயக்குநர் சொன்னதாக இரண்டு வாக்கியங்கள் உள்ளன. அவை நாங்கள் எழுதிய வரைவு. அவர் வாயிலிருந்து வந்தவை அல்ல. அவர் படித்து, தம் பாணிக்கு மாற்றி, சரி என்று சொன்னால்தான் மேற்கோள் குறிக்குள் வரும். லோகோ நீங்கள் சென்ற மாதம் அனுப்பிய புதிய வடிவம்தானா என்றும் ஒரு பார்வை பாருங்கள். முன்பு வேறொரு கூட்டாளியின் பழைய லோகோவோடு நாங்கள் அச்சடித்துவிட்டு, முழுக் கட்டையும் ஒதுக்கி வைக்க நேர்ந்தது. தவறு எங்களுடையது, அன்றிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை.

பதில் வராவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 16ஆம் தேதி 5 மணி தாண்டினால், உங்கள் பெயர், லோகோ, சென்சாரின் படம், மேற்சொன்ன மூன்று வரிகள் எல்லாவற்றையும் நீக்கிய மாற்றுச் சிற்றேடு 17ஆம் தேதி அச்சுக்குப் போகும். அது எங்கள் செயலியைப் பற்றி மட்டும் பேசும். அதன் கோப்பும் இணைப்பில் இருக்கிறது. கண்காட்சியில் அந்தச் சிற்றேட்டைத்தான் கொடுப்போம். பத்திரிகைச் செய்தியை அனுப்ப மாட்டோம். வீடியோவும் பதிவுகளும் உங்கள் பதில் வரும்வரை நிற்கும். அவற்றை 20ஆம் தேதி வரை கேட்டாலும் திருத்த முடியும், சிற்றேட்டில் அது முடியாது. அரங்குச் செலவில் உங்கள் பங்கு குறித்த ஏற்பாட்டில் இதனால் மாற்றம் எதுவும் இல்லை.

இப்படி நடக்கக் கூடாது என்பதே என் விருப்பம். ஒரு வருடமாக இரண்டு குழுவும் உழைத்த பொருள் இது. உங்கள் பெயர் இல்லாத சிற்றேட்டோடு அரங்கில் நிற்க எனக்கு மனமில்லை. அதனால்தான் கடைசி நாளில் நினைவூட்டாமல் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை நானே உங்களை அழைத்துப் பேசுகிறேன்.

பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விளம்பரத்தின் பெயரையும் எழுதி, பக்கத்தில் "சம்மதம்" அல்லது "திருத்தம் வேண்டும்" என்று போட்டால் போதும். திருத்தங்களை பிடிஎஃப் கோப்பிலேயே குறித்து அனுப்புங்கள். உங்கள் பக்கம் பலர் பார்ப்பதாக இருந்தால், எல்லோரின் திருத்தங்களையும் ஒருவரே தொகுத்து ஒரே கோப்பாக அனுப்பினால் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கும். திருத்தம் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் மாற்றி அனுப்புவோம். 12ஆம் தேதிக்குள் சொன்னால் இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு இடம் இருக்கும். வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்தால் அதை ஒப்புதலாகக் கொள்ள முடியாது, இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்ப வேண்டுகிறேன். நீங்கள் விடுப்பில் இருக்கப்போகிறீர்கள் என்றால், ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ளவர் யார் என்று இன்றோ நாளையோ சொல்லுங்கள்.

அச்சான முதல் இரண்டு பிரதிகள் உங்கள் அலுவலகத்துக்குக் கூரியரில் வரும்.

நன்றியுடன்,
கூட்டு விளம்பரப் பொறுப்பாளர்
செயலி பிரிவு
மார்ச் 9, 2026